ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி: பிரிந்த துணைக்குப் புதுத்துணை வந்தபின் குழந்தையை வளர்ப்பது

எட்டு வயதுப் பெண் குழந்தை. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவிடம் போவாள், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அம்மாவிடம் திரும்புவாள். அம்மா தாம்பரத்தில், அப்பா அம்பத்தூரில். பரஸ்பர சம்மத விவாகரத்து முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா மறுமணம் செய்துகொண்டு எட்டு மாதம். இது ஏதோ ஒரு வீட்டின் கதை இல்லை. இப்படிப் பிரிந்த பல வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே வீட்டில் வைத்துச் சொல்கிறோம்.

குழந்தை உள்ளே வருகிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் முதுகைத் திருப்பிக் காட்டுகிறாள். "அம்மா, இங்க பாரேன், அஞ்சு கால் பின்னல்! சித்தி போட்டுவிட்டாங்க."

கல்யாணச் செய்தியைத் தாங்கிக்கொள்ள எல்லோருமே எப்படியோ மனதைத் தயார் செய்துவிடுகிறார்கள். யாராவது சொல்வார்கள், நாலு நாள் அழுவார்கள், பிறகு "அது அவங்க வாழ்க்கை" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். பின்னலுக்கு யாரும் தயாராக இருப்பதில்லை. ஏனென்றால் அது முன்னாள் கணவரைப் பற்றியதே இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வகிடு பிரித்து, பத்து நிமிஷம் அந்தத் தலைமுடியில் கை வைத்திருப்பது அதுவரை அம்மா ஒருத்திக்கு மட்டும் உரிய வேலை. அங்கே இன்னொரு கை வந்துவிட்டது. அப்பாக்களுக்கும் இதே இடம் உண்டு. "அங்கிள்தான் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தார்" என்று மகன் சொல்லும் நிமிஷம் அது. கணவனோ மனைவியோ போனதைவிட, அப்பா அம்மா என்ற இடம் பறிபோகிறதோ என்ற பயம்தான் வயிற்றில் எரிகிறது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் வேறு வேறு. கணவன் மனைவி உறவு முடிந்துவிட்டது, அதற்கு அழுது தீர்க்க வேண்டியதுதான். அம்மா என்ற இடம் எங்கும் போகவில்லை. இந்த வித்தியாசம் பிடிபடாதவரை எந்த உத்தியும் உதவாது.

திரும்பி வந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. கத்தியோ திட்டியோ நடப்பதில்லை, கேள்வியால் நடக்கிறது. "சாப்பிட்டியா?" என்பது சாதாரணக் கேள்வி. அதற்கடுத்து வரும் "யார் சமைச்சாங்க?" சாதாரணமில்லை. "எங்க படுத்த?" என்று கேட்டுவிட்டு "அவங்க எங்க படுத்தாங்க?" என்று கேட்டால், குழந்தைக்கு விஷயம் புரியாவிட்டாலும் அம்மாவின் குரல் மாறியது புரியும். எட்டு வயதுக் குழந்தை முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரி. எதைச் சொன்னால் அம்மா முகம் சுருங்குகிறது என்று இரண்டு மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு அவள் சொல்வதை வடிகட்ட ஆரம்பிப்பாள்.

வடிகட்டல் ஆரம்பித்துவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கலாம். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல", "சும்மாதான் இருந்தோம்" என்று பதில் வரும். அங்கே வாங்கிக் கொடுத்த கிளிப், பென்சில் பாக்ஸ் எல்லாம் பையின் அடியில் துணிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வீட்டு வாசலுக்கு வரும் முன்பே பின்னலை அவிழ்த்துவிட்டு வருவாள். கேட்காமலே "சித்தி சமையல் நல்லாவே இல்லம்மா" என்பாள். இந்தக் கடைசி வாக்கியம் காதுக்கு இனிக்கும், அதனால் அதுதான் ஆபத்தானது. அம்மாவைச் சந்தோஷப்படுத்த என்ன விலை கொடுக்க வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டாள் என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அதே குழந்தை அந்த வீட்டில் போய் அம்மா சமையலைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பதும் யோசிக்க வேண்டியது.

அதனால் அந்த ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே நிரப்பி வைப்பது நல்லது. குளியல், சூடாக ஏதாவது ஒரு டிபன், மறுநாள் பள்ளிக்கூடப் பையை அடுக்குவது என்று மூன்றே வேலை போதும், எல்லா முறையும் அதே வரிசையில். அந்த நேரத்தில் அந்த வீட்டைப் பற்றி எந்தக் கேள்வியும் வேண்டாம். குழந்தை தானாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம். பதிலாகச் சொல்ல ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எரிகிற வேளையில் புதிதாக நல்ல வாக்கியம் வாயில் வராது. "அப்படியா! அழகா இருக்கே. பின்னும்போது வலிச்சுதா?" என்பது போல ஒன்று. கவனியுங்கள், இதில் சித்தியைப் புகழவும் இல்லை, மட்டம் தட்டவும் இல்லை. கேள்வி குழந்தையின் தலையைப் பற்றியது, பின்னிய ஆளைப் பற்றியது இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "சித்தி ரொம்ப நல்லவங்க" என்று சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது. பொய்யான பாராட்டையும் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

அழுகை வந்தால் மறைக்கப் படாத பாடு பட வேண்டாம். "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு கொஞ்சம் கஷ்டமா இருக்கு. அது உன்னால இல்ல. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. "உன்னால இல்ல" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, எதைப் பேச வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று பிரிப்பது. எல்லாவற்றையும் விழுங்கினால் குழந்தைக்கு நல்லதில்லை. எல்லாவற்றையும் பேசினால் மாதத்துக்கு நான்கு சண்டை. இதற்கு ஒரு சோதனை கைகொடுக்கும்: ஆளை மாற்றிப் பார்ப்பது. புதுத்துணை செய்த அதே காரியத்தைக் குழந்தையின் பாட்டியோ அத்தையோ செய்திருந்தால் ஆட்சேபித்திருப்பீர்களா? ஆமாம் என்றால் அது குழந்தையைப் பற்றிய விஷயம், பேசித்தான் ஆக வேண்டும். இல்லை என்றால் அது உங்கள் காயத்தைப் பற்றியது. காயம் உண்மைதான், ஆனால் அதை ஆற்றும் இடம் முன்னாள் கணவரின் வாட்ஸ்அப் இல்லை.

தாம்பரத்து அம்மாவுக்கு ஒரே மாதத்தில் வந்த மூன்று மனக்குறைகளை இந்தச் சோதனையில் போட்டுப் பார்ப்போம். முதலாவது, பின்னல். அத்தை பின்னியிருந்தால் போட்டோ எடுத்து வைத்திருப்பார். ஆகவே விழுங்க வேண்டியது. இரண்டாவது, சித்தி குழந்தையை ஸ்கூட்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஆவடி வரை அழைத்துப் போனது. சொந்தப் பாட்டி ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார வைத்திருந்தாலும் சண்டை போட்டிருப்பார். ஆகவே பேச வேண்டியது. மூன்றாவதுதான் சிக்கலானது: பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவோடு சித்தியும் வந்து ஆசிரியையிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டது. அத்தை வந்து உட்கார்ந்திருந்தால் ஆட்சேபம் இல்லை. அத்தை ஆசிரியையிடம் கேள்வி கேட்டிருந்தால்? கொஞ்சம் உறுத்தியிருக்கும். இப்படிப் பாதிக்குப் பாதி வரும்போது நிகழ்ச்சியை இரண்டாக வெட்ட வேண்டும். வந்தது காயத்தின் பக்கம். யார் ஆசிரியையிடம் பேசுவது, பள்ளியின் படிவங்களில் யார் கையெழுத்துப் போடுவது என்பது ஏற்பாட்டின் பக்கம். இரண்டாவது பாதியை மட்டும் பேசலாம்.

பேசுவது என்றால் எழுத்தில், குழந்தையின் அப்பாவுக்கு மட்டும். புதுத்துணைக்கு நேராக அனுப்பக் கூடாது. நீங்கள் கேட்டதற்கு அவர் ஒரு பதில் சொல்ல, அந்தப் பதிலுக்கு அவர் கணவர் ஒரு தீர்ப்புச் சொல்ல, இரண்டு பேர் பேச வேண்டியது மூன்று பேர் சண்டையாகிவிடும். குழந்தையின் வாயில் செய்தி சொல்லி அனுப்புவது அதைவிட மோசம்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அந்த அம்மாவின் விரல் தட்டிய முதல் செய்தி இப்படி இருந்திருக்கும்: "உன் பொண்டாட்டிக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? பெத்திருந்தா தெரியும். ஹெல்மெட் இல்லாம புள்ளைய ரோட்டுல கூட்டிட்டுப் போறா. இனிமே அனுப்ப மாட்டேன்." இதில் நான்கு வாக்கியம், ஒரு விஷயம். மிச்சம் மூன்றும் காயம். படிப்பவர் ஹெல்மெட்டைப் பற்றிப் பதில் சொல்ல மாட்டார், "பெத்திருந்தா" என்ற வார்த்தைக்குத்தான் பதில் வரும். அந்தச் செய்தியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கலாம். திங்கட்கிழமை காலை அதிலிருந்து விஷயத்தை மட்டும் எடுத்தால் இப்படி வரும்: "வணக்கம். பாப்பா சனிக்கிழமை ஸ்கூட்டியில் ஹெல்மெட் இல்லாமல் போனதாகச் சொன்னாள். யார் ஓட்டினாலும் அவளுக்கு ஹெல்மெட் வேண்டும். அவள் அளவு ஹெல்மெட்டை அடுத்த முறை பையோடு அனுப்புகிறேன். பார்த்ததும் சரி என்று ஒரு பதில் போடுங்கள்." நடந்தது என்ன, என்ன வேண்டும், நான் என்ன செய்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி. "யார் ஓட்டினாலும்" என்ற இரண்டு வார்த்தைதான் அதில் முக்கியம். விரல் நீட்டாமல் விதியைச் சொல்கிறது. காய்ச்சல், அடிபட்டது, மருந்து ஒவ்வாமை போன்றவற்றுக்கு மட்டும் காலை வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு உடனே போன்தான்.

அந்தச் செய்தி "போடு" என்று இல்லாமல் "போடுங்கள்" என்று முடிவதையும் பாருங்கள். கல்யாண காலத்தில் நீ, வா, போ என்று பேசிக்கொண்டவர்கள் பிரிந்த பிறகு எழுத்தில் வாங்க, போங்க என்று மாறிக்கொள்வது வெறும் மரியாதைக்காக இல்லை. "நீ" என்று எழுதியதும் பழைய சண்டையின் குரல் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. "நீங்கள்" என்று எழுதும்போது, குழந்தையின் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ சந்திக்கும் இன்னொரு பெற்றோரிடம் பேசுவது போன்ற தூரம் கிடைக்கிறது. எதிர்ப்பக்கம் தொடர்ந்து "நீ" என்றே எழுதினாலும் நீங்கள் மாற வேண்டாம்.

கூப்பிடும் பெயருக்கு வருவோம். தமிழில் இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாக வலிக்கும் என்று தோன்றுகிறது. சக்களத்தி, மாற்றாந்தாய், சித்தி கொடுமை என்று மொழியே சண்டைக்கான சொற்களைத் தயாராக வைத்திருக்கிறது. உறவினர் யாராவது ஒருவர் அதில் ஒன்றைக் குழந்தையின் காதுபட எடுத்து வீசுவார். சித்தி என்பது அம்மாவின் தங்கையையும் குறிக்கும், அப்பாவின் இரண்டாவது மனைவியையும் குறிக்கும் என்பதால் பல வீடுகளில் அதுவே இயல்பாக அமைந்துவிடுகிறது. சில குழந்தைகள் ஆன்ட்டி என்பார்கள், சிலர் பெயரோடு அக்கா சேர்த்துக் கூப்பிடுவார்கள். எதுவானாலும் அது குழந்தையின் வாயில் எளிதாக வருவதாக இருந்தால் போதும். பெரியவர்கள் இரண்டு பக்கமும் செய்யக்கூடாதது ஒன்றுதான்: "அம்மான்னு கூப்பிடு" என்று அங்கே கட்டாயப்படுத்துவதும், "அப்படிக் கூப்பிட்டா எனக்குப் பிடிக்காது" என்று இங்கே மிரட்டுவதும். அங்கே கட்டாயப்படுத்துவது தெரிந்தால், ஆளை மாற்றிப் பார்க்கும் சோதனையில் அது பேச வேண்டிய விஷயம்தான். "பாப்பா எப்படிக் கூப்பிட விரும்புகிறாளோ அப்படியே கூப்பிடட்டும், நாம் இருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுதலாம்.

குழந்தை வாய்தவறி அந்தப் பெண்ணை "அம்மா" என்று சொல்லிவிட்டால்? வகுப்பு ஆசிரியையைக்கூடக் குழந்தைகள் வாய்தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. திருத்தவும் வேண்டாம், முகம் திருப்பவும் வேண்டாம்.

உறவினர்களை அடக்குவது தனி வேலை. "பாவம் புள்ள, சித்திகிட்ட என்ன பாடுபடுதோ" என்று பாட்டி சொல்லும்போது குழந்தை பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருப்பாள், எல்லாம் கேட்கும். பாட்டியோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. "அம்மா, அந்தப் பேச்சைப் புள்ள தூங்குன பிறகு என்கிட்ட மட்டும் பேசு. நானே கேக்குறேன்" என்று சொன்னால் பாட்டிக்கும் ஒரு வடிகால் கிடைக்கும், குழந்தையும் தப்பிக்கும்.

குழந்தை இல்லாத அந்த சனி, ஞாயிறுதான் காயம் முழு பலத்தோடு வரும் நேரம், அதிலும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல். கையில் போன், அதில் அவர்கள் வைத்த ஸ்டேட்டஸ்: மெரினாவில் குழந்தை நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். வாட்ஸ்அப்பில் ஒருவரின் ஸ்டேட்டஸை மட்டும் மியூட் செய்யும் வசதி இருக்கிறது. அதைச் செய்யுங்கள், எண்ணைப் பிளாக் செய்யாதீர்கள். பிளாக் செய்தால் குழந்தைக்கு உடம்பு சரியில்லாத அன்று செய்தி வராமல் போய்விடும். உறவினர் மூலமாக ஸ்கிரீன்ஷாட் வருவதும் நடக்கும். "உனக்குத் தெரியணும்னுதான் அனுப்பினேன்" என்று அனுப்புகிறவரிடம், இனி அனுப்ப வேண்டாம் என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பார்க்காமல் இருந்தால் வலி போய்விடாது. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைத் தினம் சொறிவது நிற்கும்.

அந்த இரவுக்கு முன்கூட்டியே ஓர் ஆளும் ஓர் இடமும் வேண்டும். ஆள் என்றால் போன் எடுப்பதாக ஒப்புக்கொண்ட ஒரே ஒரு சிநேகிதி அல்லது தம்பி. எதையும் தீர்த்துவைக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். இடம் என்றால் வீட்டுக்கு வெளியே ஏதாவது. குழந்தையின் அறையைச் சுத்தம் செய்வதை அந்த இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது இந்தக் கட்டுரை பேசும் எல்லையைத் தாண்டியது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் 14416, தமிழ்நாட்டில் 104 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே கூப்பிட வேண்டும்.

எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போது பலருக்கு வழக்கறிஞர் ஞாபகம் வரும். "மறுமணம் செய்துகொண்டார், இனிக் குழந்தையை அனுப்ப முடியாது என்று மனுப் போடலாமா?" இந்து திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவின்படி, குழந்தை யாரிடம் இருப்பது, எப்போது பார்ப்பது என்ற உத்தரவைப் பிற்பாடு மாற்றக் கேட்கலாம். ஆனால் மறுமணம் ஒன்றே காரணமாக எடுபடாது. தாய் மறுமணம் செய்துகொண்டார் என்பதாலேயே குழந்தையை அவரிடம் தர மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. ஹெல்மெட் செய்திக்குப் பதிலே வராமல் அதே தவறு மூன்று முறை நடந்தால், தேதியோடு உள்ள அந்த நாலு வரிச் செய்திகள்தான் அங்கே பயன்படும். "உன் பொண்டாட்டி" என்று ஆரம்பிக்கும் செய்திகளும் அங்கே படிக்கப்படும். உத்தரவு இருக்கும்போது நீங்களாகவே அனுப்பாமல் நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் இந்தச் சோதனைகள் எதுவும் பொருந்தாது. குழந்தை அடி வாங்கியதாகச் சொன்னாலோ, உடம்பில் காயம் இருந்தாலோ, யாரோ தொட்டது பிடிக்கவில்லை என்றாலோ, "எனக்குப் பொறாமை, அதனால்தான் இப்படித் தோன்றுகிறது" என்று உங்களை நீங்களே அடக்கிக்கொள்ளக் கூடாது. குறுக்குக் கேள்வி கேட்காமல், "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று மட்டும் சொல்லி, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வைத்து, மருத்துவரிடம் காட்டி, குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட வேண்டும். அம்மாவைச் சந்தோஷப்படுத்தச் சொல்லும் குறை பெரும்பாலும் கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வளரும். உண்மையில் நடந்தது தயங்கித் தயங்கி, எதிர்பாராத நேரத்தில், எந்த இடம், எந்தப் பொருள் என்ற விவரத்தோடு வரலாம். ஆனால் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. சந்தேகம் இருந்தாலும் கூப்பிடலாம்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. ஞாயிற்றுக்கிழமைப் பின்னல் இரவு தூக்கத்தில் கலைந்திருக்கும். சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். "அதே மாதிரி அஞ்சு கால் போடும்மா." யூடியூப் பார்த்து அவசரமாகக் கற்றுக்கொண்டு போட்டியில் இறங்க வேண்டாம், "அதெல்லாம் இங்க கிடையாது" என்றும் வேண்டாம். "எனக்கு அது வராதுடா தங்கம். அதை அங்க போகும்போது போட்டுக்கோ. இங்க ரெட்டைப் பின்னல். ரிப்பன் எந்தக் கலர் வேணும், நீயே எடு." அவள் ரிப்பன் டப்பாவைத் திறந்து தேடும் அந்த நேரத்தில் எண்ணெய் தொட்டுச் சிக்கெடுக்க ஆரம்பிக்கலாம்.